28ஆம் நாள் கிளவுட் குப்பைத்தொட்டியைத் திறந்தேன்

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் வேலை. மூன்று ஸ்டுடியோக்காரர்கள் படங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். நான் போட்டோஷாப்பில் ஷீட் ஷீட்டாகப் போட்டுக் கொடுப்பேன். ஒரு ஷீட்டுக்கு எனக்கு 100 ரூபாய். 12க்கு 36 அங்குல ஷீட் ஒன்றின் பிஎஸ்டி கோப்பு, லேயர்களோடு சேர்த்து 200, 300 எம்பி வந்துவிடும். ஒரு கல்யாணத்துக்கு 30, 40 ஷீட். கணக்குப் போட்டுப் பாருங்கள், லேப்டாப் எத்தனை நாள் தாங்கும் என்று. அதனால்தான் கூகுள் டிரைவில் 200 ஜிபி இடம் மாதக் காசு கட்டி வாங்கி வைத்திருந்தேன்.

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டுடியோ அண்ணன் ஒருவர் போன் செய்தார். "தங்கச்சி, ஜூன் மாசத்துத் திருவிடைமருதூர் கல்யாணம் ஞாபகம் இருக்கா? மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னொரு காப்பி வேணுமாம். ரெண்டு ஷீட்டுல போட்டோ மாத்தணும், புதன்கிழமைக்குள்ள குடுத்துரு" என்றார். அரை மணி நேர வேலை. சரி அண்ணே என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அந்தக் கல்யாணத்தின் ஃபோல்டரே இல்லை. கிளவுடில் இருக்கும், அதற்குத்தானே காசு கட்டுகிறோம் என்று பிரவுசரில் டிரைவைத் திறந்தேன். அங்கேயும் இல்லை. ஜனவரியிலிருந்து ஜூலை வரை செய்த பதினொரு கல்யாணத்தில் ஒன்றின் ஃபோல்டர்கூட இல்லை. வயிற்றில் ஏதோ புரண்டது போல இருந்தது. வீட்டுக்காரர் காபி கொண்டுவந்து வைத்தது ஆறி ஏடு கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என்ன நடந்தது என்று எனக்கே புரிய அன்று சாயங்காலம் ஆயிற்று. தவறு முழுக்க என்னுடையது. ஆவணி முகூர்த்த சீசன் நெருங்கும்போது லேப்டாப்பின் 512 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பி, சி டிரைவ் சிவப்புக் கோட்டில் நின்றது. புது வேலைக்கு இடம் வேண்டும். "பழசெல்லாம் கிளவுடில் ஏறிவிட்டது, இங்கே எதற்கு" என்று நினைத்து, ஆகஸ்ட் 14ஆம் தேதி முதலில் சுவாமிமலைக் கல்யாணம் ஒன்றின் ஃபோல்டரை அழித்தேன். அது போதவில்லை. 19ஆம் தேதி விண்டோஸ் தேடல் பெட்டியில் `*.psd size:>100MB` என்று அடித்து, வந்த பழைய கோப்புகளையெல்லாம் மொத்தமாகப் பிடித்து ஷிப்ட்டோடு டெலிட் அடித்தேன். 26ஆம் தேதி, உள்ளே ஒன்றிரண்டு ஜேபெக் மட்டும் மிஞ்சியிருந்த அந்தப் பழைய ஃபோல்டர்களையும் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துப் போட்டேன். இந்த மூன்று தேதிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இவை மூன்றும் மூன்று விதமாக என்னைப் படுத்தின.

நான் கவனிக்காமல் விட்டது என்னவென்றால், என் லேப்டாப்பில் இருந்த டிரைவ் செயலி `Mirror files` என்ற அமைப்பில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி என்று பெயரிலேயே இருக்கிறது. லேப்டாப்பில் ஒரு கோப்பு வந்தால் கிளவுடிலும் வரும். லேப்டாப்பில் போனால் கிளவுடிலும் போகும். நான் அதை ஒரு பரண் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன், மேலே ஏற்றிவிட்டால் கீழே என்ன செய்தாலும் பரணில் இருப்பது இருக்கும் என்று. ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு என்பது அன்றுதான் உறைத்தது. உங்கள் கணினியில் எந்த அமைப்பு ஓடுகிறது என்று தெரியாவிட்டால், கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிரைவ் சின்னத்தைத் தட்டி, பல்சக்கரத்தைத் தட்டி, `Preferences` உள்ளே போய்ப் பாருங்கள்.

அப்புறம் செய்ததுதான் பெரிய மடத்தனம். கோப்பு லேப்டாப்பில்தான் அழிந்தது, ஆகவே லேப்டாப்பில்தான் தேட வேண்டும் என்று முடிவு கட்டி, ஞாயிறு மதியமே டேட்டா ரெக்கவரி செய்யும் கடை ஒன்றுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். திங்கட்கிழமை சாயங்காலம் வாருங்கள் என்றார்கள். 4,500 ரூபாய். கிடைத்தது என்னவோ 60 கோப்புகள். பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, திறந்தால் போட்டோஷாப் ஏற்கவில்லை. எஸ்எஸ்டியில் ஒரு கோப்பை அழித்ததும், அந்த இடம் இனி தேவையில்லை என்று விண்டோஸ் டிஸ்க்குக்கே சொல்லிவிடும், டிரிம் என்பார்கள். டிஸ்க் தன் ஓய்வு நேரத்தில் அந்த இடத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததைத் தோண்டி எடுப்பது போல இதில் எடுக்க முடியாது, அதுவும் ஒரு மாதம் கழித்து. இது தெரிந்திருந்தால் 4,500 ரூபாயும் மிஞ்சியிருக்கும், அதைவிடப் பெரிய விஷயமாக ஒன்றரை நாளும் மிஞ்சியிருக்கும். லேப்டாப் கடையில் கிடந்த நேரமெல்லாம் என் கையில் போன் இருந்தது. போனில் இருக்கும் டிரைவ் செயலியிலும் குப்பைத்தொட்டி உண்டு. எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றாததற்கு ஒரு காரணமும் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் இதே டிரைவின் குப்பைத்தொட்டியிலிருந்து எட்டு மாதம் பழைய கோப்பு ஒன்றை எடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் நாமாகக் காலி செய்யும்வரை அதில் போட்டது அப்படியே கிடக்கும். ஆகவே குப்பைத்தொட்டியில் இருந்தால் எங்கே போய்விடப் போகிறது, மெதுவாகப் பார்க்கலாம் என்பதுதான் என் அடிமனதில் இருந்த எண்ணம். 2020 அக்டோபர் 13 முதல் அது மாறிவிட்டது. குப்பைத்தொட்டிக்குப் போன எந்தக் கோப்பும் 30 நாள் கழித்துத் தானாக நிரந்தரமாக நீங்கிவிடும். திங்கள் இரவு பெங்களூரில் இருக்கும் அக்கா மகனுக்குப் போன் செய்து அழுதபோதுதான் அவன் இதைச் சொன்னான். "சித்தி, என்னைக்கு டெலிட் பண்ணீங்க, தேதி சொல்லுங்க" என்று கேட்டான். 19ஆம் தேதி என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இன்னைக்கு 28ஆவது நாள் சித்தி. உடனே வெப்ல ட்ராஷைத் திறங்க" என்றான்.

திறந்தேன். இடது பக்கம் `Trash` என்று இருக்கும். மொழி அமைப்பைப் பொறுத்துச் சிலருக்கு `Bin` என்று காட்டும். நேராகப் போக வேண்டுமென்றால் drive.google.com/drive/trash. உள்ளே போனதும் வந்த நிம்மதி ஐந்து விநாடிகூட நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான கோப்புகள், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: Sheet 01.psd, Sheet 01.psd, Sheet 01.psd என்று பதினொன்று. அப்புறம் Sheet 02.psd பதினொன்று. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனி ஃபோல்டர் போட்டு, உள்ளே ஷீட் எண்ணை மட்டும் பெயராக வைப்பது என் வழக்கம். குப்பைத்தொட்டியிலோ ஃபோல்டர் கணக்கு இல்லை, நான் தேடிப் பிடித்து அழித்த கோப்புகள் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. இப்போதெல்லாம் கோப்பின் பெயரிலேயே கல்யாணத் தேதியையும் ஊரையும் சேர்த்து வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

மேலே வலது பக்கம் `Empty trash` என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே அடியில் நிரந்தரமாக அழிப்பது அது. இதைச் சொல்லக் காரணம், அந்த மாதம் முதல் வாரத்தில்தான் இடம் நிரம்பப் போகிறது என்று எனக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. குப்பைத்தொட்டியில் கிடப்பதும் நாம் காசு கட்டிய இடத்தில்தான் கணக்காகும். "குப்பையைக் காலி பண்ணினால் 90 ஜிபி கிடைக்குமே" என்று வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு சொன்னார். அப்புறம் செய்கிறேன் என்று சோம்பலில் தள்ளிப் போட்டேன். என் வாழ்க்கையில் சோம்பல் இவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

மீட்கத் தொடங்கும் முன் அக்கா மகன் இரண்டு விஷயம் சொன்னான். முதலாவது, கடையிலிருந்து வந்த லேப்டாப்பில் டிரைவ் செயலியின் ஒத்திசைவை நிறுத்து என்றான். அந்தப் பல்சக்கரத்திலேயே `Pause syncing` இருக்கிறது. நிறுத்தாவிட்டால், நான் வெப்பில் மீட்கும் ஒவ்வொரு கோப்பையும் அந்தக் கண்ணாடி லேப்டாப்புக்கு இறக்க ஆரம்பிக்கும். 90 ஜிபியை இறக்க அங்கே இடம் ஏது? பாதியில் டிஸ்க் நிரம்பிப் புது வேலையும் கெடும். அதைவிட மோசமாக, இடம் இல்லையே என்று பதற்றத்தில் நானே மறுபடி எதையாவது அழித்துத் தொலைப்பேன். இரண்டாவது, வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை இண்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் போட வேண்டும் என்றான். அதிலும் இதே கணக்கு, இதே கண்ணாடி அமைப்பு. ஜூலைக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. அதன் பார்வையில் கோப்புகள் இன்னும் அழியவில்லை. ஆனால் நெட் கிடைத்த மறுநிமிடம் மேலே நடந்ததைத் தெரிந்துகொண்டு அதுவும் அழித்துவிடும். கேபிள் இல்லாமல் போட்டுப் பார்த்தேன். அதில் இடப் பற்றாக்குறையால் மூன்று கல்யாணங்கள் மட்டுமே முழுதாக இருந்தன. அவற்றை அப்போதே பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். உங்களிடம் இரண்டாவது கணினி அணைந்து கிடந்தால், அதுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம். நெட் இல்லாமல்.

இனி மீட்கும் வேலை. ஒரு கோப்பை வலது சொடுக்கினால் `Restore` வரும், அவ்வளவுதான். இதற்கு நேரமே பிடிக்காது, ஏனென்றால் டேட்டா எங்கேயும் நகர்வதில்லை. குப்பையில் இருக்கிறது என்ற குறி மட்டும் நீங்குகிறது. முதலில் டவுன்லோட் செய்து பத்திரப்படுத்தலாமா என்று நான் யோசித்தேன். தேவையில்லை. மீட்டெடுத்த நொடியிலேயே அந்தக் கோப்பின் 30 நாள் கணக்கு நின்றுவிடும். டவுன்லோடை மறுநாள் வைத்துக்கொள்ளலாம், மறுவாரம்கூட வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அவசரத்தில் வரிசையைத் தப்பாகச் செய்தேன். மேலே கண்ணில் பட்ட நாற்பது ஷீட்டைப் பிடித்து மீட்டேன். மீட்ட கோப்பு பழைய இடத்துக்கே திரும்பும் என்பதுதான் விதி. ஆனால் அந்தப் பழைய இடத்தைத்தான் நான் 26ஆம் தேதி தூக்கிப் போட்டுவிட்டேனே. போக இடம் இல்லாத கோப்புகள் `My Drive` முற்றத்தில் வந்து குவிந்தன. ஒரே பெயரில் எத்தனை கோப்பு இருந்தாலும் டிரைவ் ஒத்துக்கொள்ளும் என்பதால் பதினொரு Sheet 01.psd அங்கே தோளோடு தோள் உரசி நின்றன. எது எந்தக் கல்யாணம்? நல்லவேளையாகக் கடைசியாகத் திருத்திய தேதி மாறவில்லை. என் வேலை நோட்டில் எந்தத் தேதியில் எந்தக் கல்யாணத்தை முடித்தேன் என்று எழுதியிருந்தேன். அதை வைத்துப் பிரித்தேன். நாற்பதுக்கே ஒரு மணி நேரம் போனது.

அப்போதுதான் நிறுத்திவிட்டு முதலில் ஃபோல்டர்களை மீட்டேன். குப்பைத்தொட்டியில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து உள்ளே பார்க்க விடாது, பார்க்க வேண்டுமென்றால் முதலில் மீட்டெடு என்று சொல்லும். சரி என்று பதினொன்றையும் மீட்டேன், திருவிடைமருதூரைத் திறந்தேன். உள்ளே இரண்டு ஜேபெக் மட்டும். ஷீட் ஒன்றும் இல்லை. கை நடுங்கிவிட்டது. ஆனால் அதற்கும் காரணம் இருந்தது. ஃபோல்டரைத் தூக்கிப் போடும்போது உள்ளே இருந்தவை மட்டும்தான் ஃபோல்டரோடு போய் ஃபோல்டரோடு திரும்பும். அதற்கு முன்பே தனியாக அழிக்கப்பட்ட கோப்பு தனிக் கணக்கு. ஃபோல்டரை மீட்டாலும் அது குப்பையிலேயே கிடக்கும், அதன் நாளும் தனியாக ஓடும். என் ஃபோல்டர்களுக்கு 25ஆம் தேதி வரை நேரம் இருந்தது. உள்ளே இருந்த ஷீட்டுகளுக்கு 18ஆம் தேதி வரைதான். ஃபோல்டர் கண்ணில் பட்டதும், அப்பாடா கிடைத்துவிட்டது என்று பாதி ஷீட்டோடு நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கக்கூடிய ஆபத்து இதுதான். இரண்டு நாளில் மற்றதெல்லாம் சத்தமில்லாமல் போயிருக்கும்.

ஃபோல்டர் என்ற வீடு திரும்ப வந்துவிட்டதால் இனி ஷீட் என்ற மனிதர்களை உள்ளே அனுப்பலாம். குப்பைத்தொட்டிப் பட்டியலைப் பெயர் வரிசையிலிருந்து, குப்பைக்குப் போன தேதி வரிசைக்கு மாற்றினேன், பழையது மேலே வரும்படி. எது முதலில் காலாவதியாகுமோ அது முதலில் என்பதுதான் சரியான வரிசை. கோப்பு எந்தத் தேதியில் உருவானது, கடைசியாக எப்போது திருத்தினோம் என்பதற்கும் இந்த 30 நாளுக்கும் சம்பந்தமே இல்லை. இன்னொரு சின்ன விஷயம், பட்டியல் முழுதாக ஒரே தடவையில் வராது. கீழே தள்ளத் தள்ளத்தான் வரும். மேலே நின்றுகொண்டு கண்ட்ரோல் ஏ அடித்தால் அதுவரை வந்தவை மட்டுமே பிடிபடும், நாம் எல்லாம் பிடித்துவிட்டோம் என்று நினைப்போம். நான் முதல் கோப்பைத் தட்டி, ஷிப்ட்டை அழுத்தியபடி ஐம்பதாவது கோப்பைத் தட்டி, ஐம்பது ஐம்பதாக மீட்டேன். இந்த முறை ஒவ்வொன்றும் தன் தன் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்தது. முற்றத்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்தபோது அழுகையும் சிரிப்புமாக வந்தது. மணி அதிகாலை இரண்டரை.

எல்லாம் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நோட்டுக் கணக்குப்படி பதினொரு கல்யாணத்துக்கும் சேர்த்து 372 ஷீட். ஃபோல்டர் ஃபோல்டராக எண்ணினால் 365 வந்தது. ஏழு குறைகிறது. குப்பைத்தொட்டியில் என் கண்ணுக்கு ஷீட் எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் அதில் தினமும் நான் அழித்த கண்டதும் கடியதும் இன்னும் நிறைய இருந்தன. தேடல் பெட்டியில் `is:trashed title:sheet` என்று அடித்தால் குப்பைக்குள் மட்டும் தேடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அக்கா மகன் மறுநாள் காலையில் வேறு வழி பிடித்தான். ஆர்க்ளோன் என்று ஓர் இலவச மென்பொருள். கருப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட்டுவது. அதை நிறுவி என் கணக்கோடு இணைக்க ஒரு மணி நேரம் போனது, அதற்கப்புறம் ஒரே வரிதான்:

```
rclone lsf -R --files-only --drive-trashed-only gdrive: > trash.txt
```

`gdrive` என்பது இணைக்கும்போது நாம் வைக்கும் பெயர். இந்த வரி குப்பையில் இருப்பதை மட்டும், எந்த ஃபோல்டருக்குள் இருந்ததோ அந்தப் பாதையோடு பட்டியல் போட்டு ஒரு கோப்பில் எழுதித் தருகிறது. வெப்பில் ஒரே குவியலாகத் தெரிந்தது இதில் கல்யாணம் கல்யாணமாகப் பிரிந்து நின்றது. இது பார்ப்பதற்கு மட்டும்தான். எதையும் மாற்றாது, அழிக்காது. ஏழு ஷீட்டும் அதில் இருந்தன. ஐம்பது ஐம்பதாகப் பிடித்தபோது இடையில் விட்டிருக்கிறேன். 17ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு 372 சரியானது. முப்பதாவது நாளில் எத்தனை மணிக்குத் துடைப்பார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் துணிச்சல் எனக்கில்லை. யாராவது கேட்டால் 29ஆம் நாளையே கடைசி நாளாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

திருவிடைமருதூர் ஆல்பத்தைச் சொன்னபடி புதன்கிழமை கொடுத்தேன். அண்ணனுக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது.

ஆனால் அந்த 14ஆம் தேதி சுவாமிமலைக் கல்யாணம் இருக்கிறதே, அது கிடைக்கவில்லை. அதன் முப்பது நாள் செப்டம்பர் 13ஆம் தேதி முடிந்துவிட்டது. போன் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே போய்விட்டது. குப்பைத்தொட்டியிலிருந்தும் போன கோப்பைக் கேட்டுப் பார்க்க உதவிப் பக்கத்தில் வழி இருக்கிறது. கிடைக்கும் என்ற வாக்குறுதி கிடையாது. அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணக்காக இருந்தால் அதன் நிர்வாகி, குப்பையிலிருந்து போன பிறகும் 25 நாளுக்குள் மீட்டுத் தர முடியும். என்னுடையது சொந்தக் கணக்கு, நிர்வாகி என்று யாரும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் குப்பைத்தொட்டியில் நமக்குச் சொந்தமான கோப்புகள்தான் தெரியும். ஸ்டுடியோக்காரர் தன் கணக்கிலிருந்து எனக்குப் பகிர்ந்த படங்கள் காணாமல் போயிருந்தால் அதை அவர் கணக்கில்தான் தேட வேண்டும், அவரிடம்தான் நாளும் ஓடிக்கொண்டிருக்கும்.

மற்ற சேவைகளை வைத்திருக்கும் தோழிகள் கேட்டதால் தெரிந்துகொண்டது: ஒன்டிரைவில் சொந்தக் கணக்குக்கு அதே 30 நாள்தான், ஆனால் தொட்டி நிரம்பிவிட்டால் பழையவை மூன்றே நாளில் போக ஆரம்பிக்கும். ஐகிளவுட் டிரைவிலும் 30 நாள். கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டி டிரைவோடு சேராத தனித் தொட்டி. அங்கே கிளவுடில் ஏறிய படத்துக்கு 60 நாள். இவற்றைக் குழப்பிக்கொண்டால் அந்த வித்தியாசத்திலேயே கோப்பு போய்விடும்.

இப்போது என் ஏற்பாடு வேறு. லேப்டாப்பில் டிரைவை `Stream files` அமைப்புக்கு மாற்றிவிட்டேன். கோப்பு கிளவுடில் இருக்கும், திறக்கும்போது மட்டும் இறங்கும். இடம் வேண்டுமென்றால் அந்தக் கோப்பை ஆன்லைனில் மட்டும் வை என்று குறித்தால் போதும், அழிக்க வேண்டியதில்லை. இதிலும் டெலிட் அடித்தால் டெலிட்தான், அதில் மாற்றமில்லை. 6,200 ரூபாய்க்கு 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, முடிந்த கல்யாணத்தை அதில் போட்டுக் கழற்றி பீரோவில் வைக்கிறேன். கழற்றி வைத்ததை எந்தக் கண்ணாடியும் அழிக்க முடியாது. கிளவுடிலிருந்து அதற்கு இறக்கும்போது வெப் வழியாக மொத்த ஃபோல்டரைக் கேட்டால் பல ஜிப் கோப்புகளாகப் பிரித்துத் தருகிறது. எல்லா ஜிப்பையும் ஒரே இடத்தில் விரித்துவிட்டு, கிளவுடில் எத்தனை கோப்பு, டிஸ்க்கில் எத்தனை கோப்பு என்று எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் நோட்டில் டிக் அடிக்கிறேன்.

சுவாமிமலை ஆல்பத்துக்கு என்ன ஆயிற்று என்றால், அக்டோபரில் அவர்களும் ஒரு காப்பி கேட்டார்கள். படங்கள் ஸ்டுடியோவில் இருந்தன, டிசைன்தான் இல்லை. அச்சான ஆல்பத்தை அவர்களிடமிருந்து இரவல் வாங்கி, பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, 36 ஷீட்டையும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். ஒன்பது ராத்திரி. அதற்குக் காசு வாங்க மனசு வரவில்லை, 3,600 ரூபாய் போயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தபோது பெண்ணின் அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். நலங்கு ஷீட்டில் நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல பாட்டி படம் அந்தப் பக்கம்தானே இருந்துச்சு?" என்றார்.